2 ரூபாய் கிளிக்தான் விலை அதிகம்

கேள்வி:

காரைக்குடி பக்கத்து ஊர் ஒன்றில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் கலந்த பெட்டி 950 ரூபாய். கூரியர் அதற்குள் அடக்கம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்புகிறோம். போன மாதம் முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் மூன்று வாரம் மூன்று விளம்பரங்கள் கொடுத்தோம், ஒவ்வொன்றும் 6,000 ரூபாய். என் அக்கா மகன்தான் பார்த்துக்கொள்கிறான். முதலாவது தேன்குழல் பிழியும் வீடியோ. ஆயிரம் பார்வைக்கு 40 ரூபாய் ஆனது. இரண்டாவதில் ஒரு கிளிக் 2 ரூபாய். மூன்றாவதில் ஆயிரம் பார்வைக்கு 150 ரூபாய், ஒரு கிளிக் 12 ரூபாய். "மூன்றாவது அநியாய விலை, அதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இரண்டாவதில் போடுவோம்" என்கிறான். இதற்கிடையே மதுரை விளம்பர நிறுவனம் ஒன்று, "ஆர்டர் வந்தால் மட்டும் 400 ரூபாய் கொடுங்கள், வராவிட்டால் ஒன்றும் வேண்டாம்" என்கிறது. இதில் நமக்கு நஷ்டமே வராதே? அவன் எடுத்த அறிக்கையையும், ஆர்டர் நோட்டையும், செலவுக் கணக்கையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

– பெயர் வேண்டாம், ஓர் ஆச்சி

பதில்:

ஆச்சி, மூன்றாவது விளம்பரத்தை நிறுத்த வேண்டாம் என்று அக்கா மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். காரணத்தைப் பிறகு நிதானமாகப் படிக்கலாம். பிள்ளையைக் கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். அறிக்கையை ஒழுங்காகத்தான் எடுத்திருக்கிறான். அதில் விலை என்று இருக்கும் எண்கள் வெவ்வேறு சரக்குகளின் விலை என்பதை மட்டும் கவனிக்கவில்லை. எண்ணெயை விட உப்பு மலிவு என்று உப்பை மட்டும் வாங்கி வந்தால் அன்றைக்கு வீட்டில் சட்டி ஏறாது.

முதல் சரக்கு, திரையில் தோன்றுவது. உங்கள் வீடியோ ஒருவருடைய கைபேசியில் ஒரு முறை வந்து நின்றால் அது ஒரு காட்சி. ஆயிரம் காட்சிக்கு ஆகும் செலவைத்தான் சிபிஎம் என்கிறார்கள். அந்த 'எம்' லத்தீனில் ஆயிரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் பக்கம் இதை 'பார்வை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அது கொஞ்சம் ஏமாற்றும் சொல். அந்த மனிதர் உண்மையில் பார்த்தாரா, கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போனாரா என்பது இந்தக் கணக்கில் இல்லை.

இரண்டாவது சரக்கு, விளம்பரத்தைத் தொட்டு உங்கள் கடைப் பக்கத்துக்கு வருவது. அதற்குச் சராசரியாக ஆன செலவு சிபிசி. மூன்றாவது, காசு கொடுத்து வாங்கும் ஒரு வாடிக்கையாளர் கிடைப்பது. அதற்கான செலவு சிபிஏ. உங்கள் தொழிலில் ஓர் ஆர்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். 2 ரூபாய், 12 ரூபாய் என்றதும் ஒவ்வொரு கிளிக்குக்கும் அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். முகநூல், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. கட்டணம் காட்சிக்குத்தான். கிளிக் விலையும் ஆர்டர் விலையும் செலவான பணத்தைப் பின்னால் வகுத்துச் சொல்லும் சராசரிகள். கூகுளில் ஒருவர் எதையாவது தேடும்போது மேலே வரும் விளம்பரத்துக்குத்தான் உண்மையிலேயே கிளிக்குக்குக் காசு.

நோட்டையும் அறிக்கையையும் பக்கத்தில் வைத்தால்

நீங்கள் அனுப்பியதிலேயே உருப்படியானது ஆர்டர் நோட்டுதான். இணையத்தில் வந்த ஆர்டர்களின் தேதியை அறிக்கையோடு ஒப்பிட்டேன். முதல் விளம்பரம் 1,50,000 முறை திரையில் தோன்றியிருக்கிறது. 300 பேர் தொட்டிருக்கிறார்கள். 3 பேர் வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது 1,00,000 முறை தோன்றி 3,000 கிளிக் வாங்கியிருக்கிறது, ஆர்டர் 6. மூன்றாவது 40,000 முறை மட்டும் தோன்றியிருக்கிறது. கிளிக் 500, ஆர்டர் 25.

மூன்றுக்கும் செலவு அதே 6,000 ரூபாய். ஆகவே ஓர் ஆர்டருக்கு முதல் விளம்பரத்தில் 2,000 ரூபாய், இரண்டாவதில் 1,000 ரூபாய், மூன்றாவதில் 240 ரூபாய் ஆகியிருக்கிறது. அநியாய விலை என்று அக்கா மகன் சொன்ன விளம்பரம்தான் ஆர்டரை நாலில் ஒரு பங்கு விலைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

ஒரு கிளிக்குக்கு எவ்வளவு வரை கொடுக்கலாம் என்பதையும் இதிலிருந்தே எடுத்துவிடலாம். உங்கள் செலவுக் கணக்குப்படி ஒரு பெட்டிக்குச் சரக்கும் வேலைக்கூலியும் 480, அட்டைப்பெட்டியும் உள்ளுறையும் 40, கூரியர் 110, பணம் வாங்கும் செயலிக்கு 20, மொத்தம் 650. விலை 950. விளம்பரத்துக்கு முன் கையில் நிற்பது 300 ரூபாய். மூன்றாவது விளம்பரத்தில் 100 பேர் வந்தால் 5 பேர் வாங்குகிறார்கள். அதனால் அங்கே ஒரு கிளிக் உங்களுக்கு 15 ரூபாய் பெறும், 12 கொடுத்திருக்கிறீர்கள். இரண்டாவதில் 1,000 பேர் வந்தால் 2 பேர்தான் வாங்குகிறார்கள். அங்கே ஒரு கிளிக் பெறுவது 60 காசு. அதற்கு 2 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். 60 காசுப் பொருளை 2 ரூபாய்க்கு வாங்கியவருக்குத்தான் நஷ்டம்.

எண்ணிக்கை சின்னது என்பதையும் மறக்கக் கூடாது. 3 ஆர்டருக்கும் 6 ஆர்டருக்கும் உள்ள வித்தியாசம் அடுத்த மாதமே தலைகீழாகலாம். அதை வைத்து முதலாவதை விட இரண்டாவது மேல் என்று நான் சொல்ல மாட்டேன். 25க்கும் 6க்கும் உள்ள வித்தியாசம் அப்படித் தற்செயலாக வருவது அரிது.

அந்த 3,000 பேர் யார்?

விளம்பரத்தைப் போடும்போது 'உன் குறிக்கோள் என்ன' என்று அந்தத் தளம் கேட்கும். அக்கா மகன் இரண்டாவதில் கிளிக் வேண்டும் என்று குறித்திருக்கிறான். மூன்றாவதில் ஆர்டர் வேண்டும் என்று. தளம் சொன்னதைச் சொன்னபடி செய்யும். கிளிக் கேட்டால், எதைக் கண்டாலும் தொட்டுப் பார்க்கும் பழக்கமுள்ளவர்களைத் தேடிப் பிடித்துக் காட்டும். அவர்களைப் பிடிப்பது எளிது; விலையும் குறைவு. ஆர்டர் கேட்டால், இணையத்தில் வாங்கும் பழக்கமுள்ளவர்களைத் தேடும். அவர்கள் கண்ணில் படத் துணிக்கடையும் நகைக்கடையும் செருப்புக்கடையும் ஏலம் கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டாவதில் 60 ரூபாய் ஆன ஆயிரம் காட்சி மூன்றாவதில் 150 ஆனது அதனால்தான்.

இன்னொரு இடமும் ஓட்டை. இரண்டாவது விளம்பரத்தின் அறிக்கையில் `Link clicks` என்ற பத்தியில் 3,000 இருக்கிறது. இரண்டு பத்தி தள்ளி `Landing page views` என்பதில் 1,100தான். தொட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் உங்கள் கடைப் பக்கம் திறக்கும்வரைகூட நிற்கவில்லை. இதற்குப் பொதுவாக இரண்டு காரணம். கைபேசி விளையாட்டுக்கு நடுவே வரும் விளம்பரத்தில் விரல் தவறிப் பட்டிருக்கலாம். அறிக்கையை `Placement` வாரியாகப் பிரித்துப் பார்த்தால், கிளிக்குகள் `Audience Network` என்ற வரியில் குவிந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். அல்லது பக்கம் மெதுவாகத் திறந்திருக்கலாம். உங்கள் பக்கத்தை நான் கைபேசியில் திறந்தபோது அதிரசத்தின் படம் மேலிருந்து கீழாகக் கீற்றுக் கீற்றாக வந்தது. கேமராவில் எடுத்ததை அப்படியே ஏற்றியிருக்கிறீர்கள். அந்தப் படங்களைச் சுருக்கி ஏற்றச் சொல்லுங்கள். மூன்று விளம்பரங்களுக்கும் அது ஒரே நேரத்தில் உதவும்.

`CPC (all)` என்று இன்னொரு பத்தியும் உண்டு. விருப்பக்குறி போட்டது, 'மேலும் படிக்க' என்பதைத் தொட்டது எல்லாவற்றையும் கிளிக் என்று சேர்த்துக்கொள்ளும் கணக்கு அது. யாராவது உங்களிடம் வியக்கும்படி மலிவான கிளிக் விலையைக் காட்டினால், எந்தப் பத்தி என்று கேளுங்கள்.

இதில் எனக்கும் சூடு பட்ட கதை உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறை ஒன்றுக்கு விளம்பரம் பார்த்தேன். ஒரு கிளிக் 90 காசு என்று அறிக்கையை அச்செடுத்துக் கொண்டுபோய் நீட்டினேன். பட்டறைக்காரர் கண்ணாடித் தகட்டில் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "இதில் கல் கேட்டவர் எத்தனை பேர் தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றுமுதல் அறிக்கையின் கடைசிப் பத்தியிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.

240 ரூபாய் என்பதும் முழு உண்மை அல்ல

மூன்றாவது விளம்பரத்தைப் புகழ்ந்துவிட்டு விட்டுவிட்டால் நான் பாதிக் கணக்குச் சொன்னவனாவேன். விளம்பரக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி உண்டு. 6,000 என்பது உங்கள் வங்கிக் கணக்கில் 7,080. வழக்கமான ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் இந்த 1,080 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வழியுண்டு. நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதாகச் செலவுக் கணக்கின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்; உங்களுக்கு அது திரும்பி வராது. ஆக ஓர் ஆர்டர் 283 ரூபாய். (அந்தத் திட்டத்தில் இருந்துகொண்டு வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்க முடியாது. பெங்களூரிலிருந்து யாராவது கேட்டால் ஆடிட்டரிடம் பேசாமல் பெட்டி கட்டிவிடாதீர்கள்.)

அடுத்து, நோட்டில் சிவப்பு மையில் சுழித்திருக்கும் மூன்று பெட்டிகள். வீட்டு வாசலில் பணம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வாங்காமல் திருப்பியவை. அறிக்கை 25 ஆர்டர் என்று சொன்னாலும் விற்றது 22. 7,080ஐ 22ஆல் வகுத்தால் 322 ரூபாய். உங்கள் கையில் நிற்கும் 300ஐ அது தாண்டிவிட்டது.

நல்ல செய்தியும் அதே நோட்டில்தான். அந்த 22 பேரில் 5 பேர் மறுபடி அழைத்து வாங்கியிருக்கிறார்கள். அதற்கு விளம்பரச் செலவு கிடையாது. 27 பெட்டி என்று எடுத்தால் ஒன்றுக்கு 262 ரூபாய். 27 பெட்டிக்கு 8,100 ரூபாய் நின்றது, விளம்பரம் 7,080 கொண்டுபோனது, மிச்சம் 1,020. ஆனால் திரும்பி வந்த பெட்டி ஒன்றுக்குச் சரக்கு 480, அட்டைப்பெட்டி 40, போக வரக் கூரியர் 220 என்று 740 ரூபாய் போயிருக்கிறது. நொறுங்கிய தேன்குழலை வேறு யாருக்கும் விற்க முடியாது. மூன்று பெட்டிக்கு 2,220. விளம்பரம் ஈட்டியதை விழுங்கி, மேலும் 1,200 ரூபாயையும் அதுதான் கொண்டுபோயிருக்கிறது. விளம்பர அறிக்கையில் இது எந்தப் பத்தியிலும் வராது.

ஆகவே நான் முதலில் கைவைக்கச் சொல்வது விளம்பரத்தில் இல்லை. வாசலில் பணம் கேட்பவர்களிடம் 200 ரூபாய் முன்பணம் வாங்குங்கள். சில ஆர்டர் குறையும், குறையட்டும். வாங்கும் எண்ணம் இல்லாதவர்தான் பெரும்பாலும் அங்கே நின்றுவிடுவார். அடுத்து, இரண்டு பெட்டியைச் சேர்த்து 1,800 ரூபாய்க்குக் கொடுத்துப் பாருங்கள். சரக்கு 960, பெட்டிகள் 60, கூரியர் 170, செயலிக்கு 40 என்று 1,230 போக 570 ரூபாய் நிற்கும். கூரியர் தொகையை உங்கள் ஆளிடம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். எடை மாறினால் அதுவும் மாறும். விலை கூடியதால் 100க்கு 5 பேர் என்பது 3 ஆகக் குறைந்தாலும் ஒரு கிளிக் 17 ரூபாய் பெறும். வரியோடு நீங்கள் கொடுப்பது 14 ரூபாய் சொச்சம்.

எப்போது எதைப் பார்ப்பது?

பொருள் இணையத்திலேயே விற்றுப் பணமும் வந்துவிடும் என்றால் சிபிஏதான் எஜமான். உங்கள் பெட்டி வியாபாரம் அப்படிப்பட்டது. மற்ற இரண்டும், சிபிஏ ஏறும்போது எந்த இடத்தில் கோளாறு என்று காட்டப் பயன்படும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இது நடக்கும், பார்த்துக்கொண்டே இருங்கள். எல்லாக் கடைக்காரர்களும் ஒரே நேரத்தில் ஏலத்துக்கு வருவதால் ஆயிரம் காட்சி 150லிருந்து 210 ஆகிறது என்று வைப்போம். தொடுபவர் அளவும் வாங்குபவர் அளவும் மாறாவிட்டால் கிளிக் 16 ரூபாய் 80 காசு, ஆர்டர் 336 ரூபாய் ஆகும். அப்போது விளம்பரத்தை மாற்றிப் பயனில்லை. சந்தை விலை ஏறியிருக்கிறது. பெட்டி விலையைத் தொடலாம், அல்லது அந்தச் சில நாள் பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிட்டு விளம்பரத்தைக் குறைக்கலாம். சிபிஎம் அப்படியே இருந்து கிளிக் விலை மட்டும் ஏறினால், ஒரே படத்தைப் பார்த்து மக்களுக்கு அலுத்துவிட்டது, படத்தை மாற்றுங்கள். காட்சி விலை, கிளிக் விலை இரண்டும் அசையாமல் ஆர்டர் விலை ஏறினால், உங்கள் கடைப் பக்கத்திலோ விலையிலோ ஏதோ இடறுகிறது. பணம் கட்டும் பொத்தான் வேலை செய்கிறதா என்று முதலில் நீங்களே ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள்.

சிபிசி எஜமானாகும் தொழில்களும் உண்டு. மேலே சொன்ன பட்டறைக்கு, வீடு கட்டுபவர் ஒருவர் கேட்டு, மாதிரிக் கல் வாங்கி, கொத்தனாரிடம் காட்டி, மூன்று மாதம் கழித்துத்தான் முன்பணம் தருவார். அதுவரை தளத்துக்கு ஆர்டர் என்று எண்ண ஒன்றுமே இருக்காது. அங்கே ஒரு கிளிக்குக்கு எவ்வளவு, அவர்களில் வீட்டு வரைபடம் அனுப்பி விலை கேட்டவர் எத்தனை பேர் என்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கூகுள் தேடலிலும் அப்படியே. "செட்டிநாட்டுப் பலகாரம் ஆன்லைன்" என்று ஒருவர் தானே எழுதித் தேடிவிட்டுத் தொடும் கிளிக்குக்கு, சும்மா உருட்டும்போது தொட்டதைவிடக் கூடுதலாகக் கொடுக்கலாம். எவ்வளவு கூடுதல் என்பதற்கு மேலே போட்ட அதே கணக்குதான்: பெட்டியில் நிற்பது 300, அதை எத்தனை பேரில் ஒருவர் வாங்குகிறார் என்பதால் வகுங்கள்.

முதல் விளம்பரத்தை, அந்தத் தேன்குழல் வீடியோவை, என்ன செய்வது? நோட்டில் அந்த மூன்று வாரத்தில் தொலைபேசியில் வந்த 9 ஆர்டர் இருக்கிறது. எங்கே பார்த்தார்கள் என்று குறிப்பு இல்லை. ஒன்பதும் வீடியோவால் வந்தது என்று தாராளமாக வைத்தாலும் 6,000க்கு 12 ஆர்டர், ஒன்றுக்கு 500 ரூபாய். சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் அதைக் காட்டிக்கொண்டிருக்க உங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் வீடியோ அழகு. அச்சிலிருந்து மாவு வளைந்து எண்ணெயில் விழும்போது வரும் அந்தச் சத்தத்துக்காகவே நான் இரண்டு முறை பார்த்தேன். அதைக் காரைக்குடியைச் சுற்றிப் பதினைந்து கிலோமீட்டருக்குள் மட்டும், தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் ஓட விடுங்கள். வீட்டுக்கே வந்து வாங்கக்கூடியவர்களிடம் நீங்கள் இருக்கிறீர்கள் என்று சொல்வதுதான் அங்கே வேலை. அந்த வேலைக்குச் சிபிஎம்தான் சரியான அளவுகோல். 40 ரூபாய் நிலைத்தால் 5,000 ரூபாய்க்கு 1,25,000 காட்சி. 40,000 பேரைச் சென்றடைந்தால் ஆளுக்கு ஏறக்குறைய மூன்று முறை. அறிக்கையில் `Frequency` என்ற பத்தி அதைச் சொல்லும். அது ஏழு, எட்டு என்று ஏறினால் அதே ஆட்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள், நிறுத்திவிடுங்கள்.

மதுரைக்காரர்களின் 400 ரூபாய்

"நஷ்டமே வராதே" என்று கேட்டிருந்தீர்கள். பெட்டியில் நிற்பது 300, கொடுக்கப்போவது 400. வராத ஆர்டருக்கு நஷ்டம் இல்லை. வரும் ஒவ்வோர் ஆர்டருக்கும் 100 ரூபாய் நஷ்டம். வியாபாரம் எவ்வளவு நன்றாக நடக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கைக்காசு போகும்.

அந்த முறையே தவறு என்று சொல்ல மாட்டேன். இந்த மூன்று விலைகளும் உண்மையில் ஆபத்தை யார் தலையில் வைப்பது என்பதற்கான ஏற்பாடுகள்தான். காட்சிக்குக் காசு என்றால், யாரும் தொடாவிட்டாலும் நஷ்டம் உங்களுக்கு. கிளிக்குக்குக் காசு என்றால், தொடாத ஆபத்து இடம் விற்பவருக்கு, தொட்டும் வாங்காத ஆபத்து உங்களுக்கு. கூகுள்கூட 2000இல் தன் விளம்பர விற்பனையைக் காட்சிக் கணக்கில்தான் தொடங்கியது; 2002இல்தான் கிளிக் கணக்குக்கு மாறியது. ஆர்டருக்குக் காசு என்றால் எல்லா ஆபத்தும் நிறுவனத்தின் தலையில். அதற்கான கூலியை அவர்கள் 400இல் சேர்த்திருக்கிறார்கள், அது நியாயமே. ஆனால் உங்கள் அக்கா மகனே வரியோடு 283 ரூபாய்க்கு ஆர்டர் கொண்டுவந்திருக்கும்போது அந்தக் கூலியை நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும்?

பேசித்தான் பார்ப்போம் என்றால், வரி உட்பட 220 ரூபாயில் தொடங்குங்கள்; 250ஐத் தாண்டாதீர்கள். கையெழுத்துக்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்.

ஆர்டர் என்றால் எது: பெட்டி போய்ச் சேர்ந்து பணம் வந்த பிறகே அது ஆர்டர். திரும்பி வந்ததற்கு அவர்களுக்குக் காசு இல்லை. தளத்தின் எண்ணிக்கையை அப்படியே ஏற்காதீர்கள். முகநூல் விளம்பரத்தில் வழக்கமான அமைப்புப்படி, தொட்டு 7 நாளுக்குள்ளோ, தொடாமல் பார்த்து 1 நாளுக்குள்ளோ வாங்கினாலும் விளம்பரத்தால் வந்த ஆர்டர் என்றே எண்ணும். எப்படியும் வாங்கியிருக்கக்கூடிய உங்கள் பழைய வாடிக்கையாளரும் அதில் வந்துவிடுவார்.

புது ஆள் மட்டும்: உங்கள் கடைப் பெயரையே தேடி வருபவருக்கு விளம்பரத்தைக் காட்டி, "நாங்கள் கொண்டுவந்த ஆர்டர்" என்று கணக்கெழுதுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. நோட்டில் ஏற்கெனவே தொலைபேசி எண் உள்ளவருக்குக் கட்டணம் கிடையாது என்று எழுதிவிடுங்கள்.

கணக்கு யார் பெயரில்: விளம்பரக் கணக்கும், வாங்கியவரை எண்ணக் கடைப் பக்கத்தில் பொருத்தும் 'பிக்சல்' என்ற குறியும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அவர்களுக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள். ஒப்பந்தம் முறிந்தால் இத்தனை நாள் யார் வாங்கினார்கள் என்ற விவரம் உங்களோடு நிற்க வேண்டும்.

கடைசியாக, அடுத்த மாதப் பணம். இரண்டாவது விளம்பரத்தை நிறுத்தி, அந்த 6,000ஐ மூன்றாவதில் சேருங்கள். ஒரேயடியாக வேண்டாம், வாரத்துக்கு ஐந்தில் ஒரு பங்காக ஏற்றிக்கொண்டே போய், வரியோடு ஆர்டர் விலை எங்கே 300ஐத் தொடுகிறது என்று பாருங்கள். பணம் இரட்டித்தால் ஆர்டரும் இரட்டிக்கும் என்று எண்ண வேண்டாம். எளிதில் வாங்குபவர்களைத் தளம் முதலில் பிடித்துவிடும். அடுத்து வருபவர்கள் கொஞ்சம் விலை கூடியவர்கள். அதைப் பல விளம்பரங்களாகவும் பிரிக்க வேண்டாம். யார் வாங்குவார்கள் என்று தளம் கற்றுக்கொள்ள ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரம் சுமார் 50 ஆர்டர் வேண்டும் என்பது அவர்களே சொல்லும் அளவு. உங்களுக்கு வாரம் எட்டுதான் வருகிறது. பிரித்தால் எதுவும் கற்காது.

ஆர்டர் நோட்டில் புதிதாக இரண்டு பத்தி கோடு போடுங்கள்: எங்கே பார்த்தார், பெட்டி போய்ச் சேர்ந்ததா. தொலைபேசியில் கேட்பவரிடம் முதல் கேள்வியாக அதைக் கேட்டு அங்கேயே எழுதிவிடுங்கள். இரவில் நினைவுவைத்து எழுதலாம் என்றால் நடக்காது. ஆறு வாரம் கழித்து அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள், மறுபடி உட்கார்ந்து பார்க்கிறேன்.